பயத்துக்குப் போட்ட வரி

அச்சரப்பாக்கத்தில் என் பெயரில் இருந்த நாலு சென்ட் மனையைத் தங்கைக்குத் தான செட்டில்மெண்டாக எழுதிக்கொடுத்தபோது, பத்திர எழுத்தரிடம் நானே கேட்டு ஒரு வரி சேர்த்தேன். எக்காலத்திலும் யாருக்கும் விற்கக் கூடாது. அவள் வீட்டுக்காரர் இளகின மனசுக்காரர், எவனாவது கேட்டால் தூக்கிக் கொடுத்துவிடுவார் என்று ஒரு சாக்கு.

எழுத்தர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "முழு உரிமையும் குடுத்துட்டு விக்கவே கூடாதுன்னா, அந்த வரி செல்லாது சார். தானம் நிக்கும், நிபந்தனை போயிடும். உசுரோட இருக்கிற வரைக்கும் அனுபவிக்க மட்டும் குடுத்தா அது வேற. வித்தா மொதல்ல என்னைக் கேளுன்னு எழுதுனாக்கூட நிக்க வாய்ப்பு கீது."

"செல்லாட்டி போவுது. பயத்துக்கு இருக்கட்டும், போடுங்க" என்று சிரித்தேன். குடும்பத்துக்கே சிரிப்பு சப்ளை செய்கிறவன் நான்.

நாலு வருஷம் கழித்துத் தங்கை வந்தாள். கேளம்பாக்கத்து அடுக்குமாடி ஒன்றில் வீட்டு வேலை. தினமும் பஸ் மாறி மாறிப் போய்வருகிறாள். வீட்டுக்காரருக்கு முட்டி தேய்ந்துவிட்டது. மனையை விற்றால் அங்கேயே சின்னதாக ஒரு வீடு.

"நீ ஒத்துகினா விக்கலாமாண்ணா?"

உண்மையைச் சொல்ல அரை நிமிஷம் போதும். நான் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு, "பத்திரத்துலயே எழுதிக் கீதேம்மா, சட்டம் வுடாது" என்றேன். நம்பிப் போனாள். இன்னும் இரண்டு வருஷம் பஸ் மாறினாள்.

போன மாதம் போன். "நாளைக்கு ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வாண்ணா."

விலங்கு மாட்டுவதுவரை கற்பனை ஓடியது. நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் படுத்துக்கொள்ளட்டுமா என்று மனைவியிடம் கேட்டேன். "நெஞ்சுன்னு ஒண்ணு இருந்தாத்தானே வலிக்கும்" என்றாள்.

ஆதார், ரேஷன் கார்டு, பிரஷர் மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் பையில் திணித்துக்கொண்டு போய், எதிரிலிருந்த ஜெராக்ஸ் கடைக்குள் பதுங்கினேன். தங்கை நேராக அங்கேயே வந்தாள்.

"இன்னாண்ணா, ஒளிஞ்சிகினு கீற? வாங்குறவங்க வக்கீல் பத்திரத்தைப் படிச்சாரு. அந்த வரி செல்லாதாம். எழுதுனவரையும் போய்க் கேட்டேன். அன்னிக்கே உங்கிட்ட சொன்னாராமே?"

பைக்குள் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

"ரெண்டு வருஷம்ணா" என்றாள். பிறகு, "சாட்சிக்கு ஒரு ஆளு கொறையுது. ஆதார் கீதா?"

கிரயப் பத்திரத்தின் அடியில் கையெழுத்திட்டேன். "மன்னிச்சிடும்மா" என்று முனகினேன்.

"மெதுவா பேசு. அவருக்குத் தெரியாது. தெரியவும் வேணாம்."

பெஞ்சில் முட்டியைத் தடவிக்கொண்டிருந்த அவள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் சிரமப்பட்டு எழுந்து நின்றார். இரண்டு கையையும் கூப்பினார்.

"நீங்க மனசு வெச்சி ஒத்துகினதாலதான் மச்சான் இது நடக்குது."