மெமோவில் இருந்த ஒரு வரி

வண்ணாரப்பேட்டைப் பாலத்தில் பாதி தூரம் நடந்த பிறகுதான் பை தோளை அறுப்பது தெரிந்தது. மறு தோளுக்கு மாற்றிக்கொண்டேன். கீழே ஆறு பாறைகளுக்கு நடுவே ஒதுங்கி ஓடிக்கொண்டிருந்தது. சட்டைப் பையில் ஆலை கொடுத்த கடிதம் இருந்தது. பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு எத்தனையோ இடத்தில் வேலை பார்த்துவிட்டேன். எந்த இடத்திலிருந்தும் கையில் காகிதத்தோடு கிளம்பியதில்லை. பாதி இடங்களில் சொல்லிக்கொண்டுகூடக் கிளம்பியதில்லை.

அது ஐஸ்கிரீமும் வெண்ணெயும் செய்யும் ஆலை. சாமான்களை உறைய வைக்கும் அறையை எல்லோரும் ப்ரீசர் என்போம். கனத்த கோட்டு, கையுறை, பூட்ஸ் எல்லாம் கொடுப்பார்கள். என்றாலும் அந்தக் குளிர் நகக்கண் வழியாகத்தான் உள்ளே ஏறும். எங்கள் ஷிப்டில் உதவியாளர்கள் நான்கு பேர். உள்ளே பெட்டி அடுக்கும் வேலை ஒரு நாளைக்கு ஒருவர் என்று முறை. முறைப் பட்டியல் சுவரில் ஒட்டியிருக்கும். கதவுப் பக்கம் ஒரு நோட்டு தொங்கும். உள்ளே போகிறவர் பெயர், போன நேரம், வந்த நேரம், கையெழுத்து. உள்ளே ஆள் இருக்கும்போது கதவைப் பூட்டிவிடக் கூடாது என்பதற்காக வைத்த நோட்டு அது.

நான் சேர்ந்து ஐந்தாறு மாதம் கழித்துப் பட்டியல் சுவரில் மட்டும்தான் இருந்தது, அதன்படி ஆள் போவது நின்றுவிட்டது. சூப்பர்வைசர் காலையில் வந்ததும் என்னைப் பார்த்துக் கதவைக் கைகாட்டுவார். முதல் வாரம் யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்தேன். இரண்டாவது வாரமும் போனேன். நாலாவது வாரம் இரண்டு விரல்களில் தோல் வெடித்துவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, "இன்னைக்கு என் முறை இல்ல அண்ணாச்சி, பட்டியல்ல உள்ள ஆள அனுப்புங்க, நாளைக்கு நான் போவுதேன்" என்றேன்.

"ஏலே, ஊரு ஊரா சுத்துதவனுக்கு எங்கன நின்னா என்ன? போலே உள்ள" என்றார்.

இரண்டு நாள் கழித்து ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். போட்டேன். ஆங்கிலத்தில் இருந்தது. மேலப்பாளையத்துக்காரன்தான் வாசித்துச் சொன்னான். "மச்சான், இது மெமோ. கொடுத்த வேலைய செய்ய மறுத்தான்னு எழுதியிருக்கு. மூணு நாளைக்குள்ள பதில் குடுக்கணுமாம். இப்படி இன்னும் ரெண்டு வந்தா வீட்டுக்கு அனுப்பிருவாங்க."

எங்கள் நான்கு பேரில் அவன் ஒருவன். மதியம் அவன் தூக்குச்சட்டியைத் திறந்தால் முதல் கவளம் என் தட்டில் விழும். வெள்ளிக்கிழமை அவன் தொழுகைக்குப் போகும்போது, அன்று அவன் முறையாக இருந்தால், நான் உள்ளே போவேன். அது எங்களுக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடு.

வேலை போவது எனக்குப் புதிது இல்லை. ஆனால் செய்ய மறுத்தான் என்ற அந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை. நான் ஓடியிருக்கிறேன், பொய் சொல்லி லீவு போட்டிருக்கிறேன். கொடுத்த வேலையை மறுத்தது கிடையாது. அந்த வரியை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே மனு எழுதுகிறவரிடம் போனேன். நம் ஊரில் காகிதம் என்றால் கால் தானாக அங்கேதான் போகும். அவர் கேட்ட முதல் கேள்வி, "அந்த ஆளு எந்த ஊரு?" சொன்னேன். "நீ?" சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார். மற்றதெல்லாம் அவருக்கே தெரிந்துவிட்டது. 'முன்விரோதத்தை மனதில் வைத்துக்கொண்டு, என்னைப் பழிவாங்கும் கெட்ட எண்ணத்துடன்' என்று தொடங்கி டைப்ரைட்டரில் ஒரு பக்கம் தட்டினார். வாசித்துக் காட்டியபோது நன்றாக இருந்தது. எனக்காக ஒருவர் சண்டை போடுகிற மாதிரி இருந்தது.

அதை ஹெச்.ஆர். அறையில் கொடுத்தேன். அங்கே இருந்த மேடத்துக்கு என் வயதுதான் இருக்கும். வாங்கிக்கொண்டு நகலில் தேதி போட்டுக் கையெழுத்திட்டுத் தந்தார். நாலு நாள் கழித்துக் கூப்பிட்டார்.

"அவர்கிட்ட கேட்டேன். உங்களுக்கும் அவருக்கும் என்ன முன்விரோதம்?"

"ஒண்ணும் இல்ல மேடம். அது எழுதுத வழக்கம்."

"அதைத்தான் அவரும் சொன்னாரு. இந்த ஆலைக்கு வந்துதான் அவனை முதல்ல பார்த்தேன், எனக்கு என்ன விரோதம்னு. மேற்கொண்டு நான் என்ன கேக்க? இந்தப் பக்கம் முழுக்கத் தேடிப் பார்த்தேன். ஒரு தேதி இல்ல."

"அவரு எதுக்குச் செய்யுதாருன்னு எனக்குத் தெரியும் மேடம்."

"தெரிஞ்சா உங்களோட இருக்கட்டும். அவர் மனசுக்குள்ள நீங்களும் போக முடியாது, நானும் போக முடியாது. எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன நடந்தது, யாரு பக்கத்துல இருந்தாங்க, உங்களுக்கு என்ன வேணும். அதை மட்டும் எழுதுங்க. தெரியாததைத் தெரியாதுன்னே எழுதுங்க. தமிழ்லயே எழுதலாம்."

வெள்ளைத்தாள் இரண்டு கொடுத்தார்.

மறுநாள் டீ நேரத்தில் ப்ரீசர் கதவருகே நின்று, நோட்டில் என் பெயர் உள்ள வரிகளை மட்டும் ஒரு துண்டுத் தாளில் பார்த்து எழுதினேன். எல்லோரும் பார்த்தார்கள். "என்னலே, பரீட்சைக்குப் படிக்கியா?" என்று ஒருவர் கேட்டார். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்னைப் பார்த்து அவர்கள் சிரித்தது அதுதான் கடைசி.

அறைக்கு வந்து தரையில் உட்கார்ந்து எழுதினேன். எழுத எழுத, எனக்கே சில விஷயங்கள் இடித்தன. தினமும் என்னை அனுப்பினார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். நோட்டுப்படி தினமும் இல்லை. ஐந்து வாரத்தில் ஆறு நாள் மற்றவர்கள் போயிருந்தார்கள். நான் போனவற்றில் இரண்டு வெள்ளிக்கிழமை மேலப்பாளையத்துக்காரனுக்காக நானாகப் போனவை. அவற்றை அடித்துவிட்டேன். என் சொந்த முறைகளையும் அடித்தேன். அதற்குப் பிறகும் பதினாறு நாள் மிச்சம் இருந்தது.

அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமை. துண்டுத் தாளைப் பார்த்தேன். பதினொன்றாம் தேதி, உள்ளே போனது பத்து இருபது, வந்தது பன்னிரண்டு ஐந்து, என் கையெழுத்து. நான் மறுத்ததாக மெமோ சொன்ன அதே நாள். பத்து மணிக்கு என் முறை இல்லை என்று சொல்லியிருக்கிறேன். இருபது நிமிடத்தில் கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போயிருக்கிறேன். நான் அதை மறந்தே போயிருந்தேன். கோபத்தில் 'போலே உள்ள' மட்டும்தான் மனதில் தங்கியிருந்தது. மனு எழுதுகிறவரும் கேட்கவில்லை.

அவர் சொன்ன சொல்லை அப்படியே எழுதினேன். ஏன் சொன்னார் என்று எழுதவில்லை. எழுதத் துடித்த கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர் யார் என்ற இடத்தில் பேனா நின்றது.

காலையில் மேலப்பாளையத்துக்காரனிடம் சொன்னேன்.

"என் பேர எழுதாத மச்சான்" என்றான். "மாமு விசா அனுப்புதேன்னு சொல்லியிருக்காரு. போற நேரத்துல எனக்கு எதுக்கு வம்பு?"

"நீதான அங்கன நின்ன?"

"நின்னேன். இல்லன்னா சொல்லுதேன்? எழுதாதங்கேன்."

மேடம் இரண்டு தாளையும் நிதானமாகப் படித்தார். "இது அவர் சொன்ன அதே வார்த்தையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "பக்கத்துல யாருன்னு எழுதலையே?" என்றார். யாரும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். நிறைய இடங்களில் அப்படிச் சொன்னவன்தான். அந்தத் தாளில் இருந்த மற்ற வரிகள் எல்லாம் நிஜம். அதற்கு நடுவே ஒரு பொய்யைச் செருக மனம் வரவில்லை. பெயரைச் சொன்னேன். அவன் தயங்குகிறான் என்பதையும் சொன்னேன். குறித்துக்கொண்டார்.

அவனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். தனியாகத்தான். உள்ளே போய் ஐந்து நிமிடத்தில் வந்தான். நடந்ததைச் சொல்லிவிட்டான் என்று பிறகு தெரிந்தது. அன்று மதியம் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு ஜன்னலோர மேசைக்குப் போனான். நான் நகர்ந்து அவனுக்கு விட்ட இடம் அப்படியே இருந்தது.

பத்து நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். மெமோ ரத்து என்று ஒரு கடிதம் தந்தார்கள். இனி முறைப் பட்டியலிலும் உள்ளே போகிறவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் மேடம். "அவர்மேல என்ன நடவடிக்கைன்னு உங்ககிட்ட சொல்ல முடியாது. அது அவரோட பைல். இதை வச்சு யாராவது உங்களை எதுவும் செஞ்சா, அன்னைக்கே வந்து சொல்லுங்க."

யாரும் எதுவும் செய்யவில்லை. அதில் எழுதிக் கொடுக்க ஒன்றும் இல்லை. சூப்பர்வைசர் என்னைப் பார்த்து, "தம்பி, இன்னைக்கு உங்க முறைங்க, பாத்துப் போயிட்டு வாங்க" என்பார். மற்ற இருவரும் 'ங்க' போட ஆரம்பித்தார்கள். ஷிப்டு முழுக்க 'லே' பறந்துகொண்டிருக்கும். என் பக்கம் வந்ததும் நின்றுவிடும். மேலப்பாளையத்துக்காரன் பேசவே இல்லை. விரல்கள் ஆறிவிட்டன. நாலு நாளைக்கு ஒருதரம் என் முறை வந்தது. ஒழுங்காக வந்தது. ப்ரீசருக்குள் இருந்த நேரம்தான் நிம்மதியாக இருந்தது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். அங்கே தனியாக இருப்பதற்கு ஒரு காரணம் இருந்தது.

ஒரு மாத நோட்டீஸ் எழுதிக் கொடுத்தேன். மேடம் கேட்டார், யாராவது கட்டாயப்படுத்தினாங்களா என்று. இல்லை என்றேன். அதுவும் நிஜம். கடைசி நாள் மதியம், அங்கே வேலை பார்த்தேன் என்று ஒரு கடிதம் தந்து, கேட்டில் பையைச் சோதித்து அனுப்பினார்கள். மேலப்பாளையத்துக்காரன் அன்று முறைப்படி ப்ரீசருக்குள் இருந்தான். காத்திருக்கலாமா என்று யோசித்தேன். கோட்டைக் கழற்றிக்கொண்டு வருகிறவனிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. நடந்துவிட்டேன்.

பாலம் முடிந்தது. பஸ் ஸ்டாண்டில் களக்காடு வண்டி கிளம்பும் நிலையில் நின்றது. ஏறிக்கொண்டேன். அங்கே எனக்கு யாரும் இல்லை. வேறு எங்கும் இல்லை, அதனால் பேதமில்லை.

விடிந்ததும் வாழைத்தார் மண்டிக்குப் போனேன். லாரி நின்றது, ஆள் குறைவு. மண்டிக்காரர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்தேன்.

"என்னலே அது, கல்யாணப் பத்திரிகையா? உள்ள வை. தார் தூக்குவியா?"

"தூக்குவேன் அண்ணாச்சி. லாரி மேல நின்னு அடுக்குதது யாரு முறை?"

சுமை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் நின்று சிரித்தார்கள். "முறை கேக்கான் வே, சம்பந்தி வீட்டுக்கு வந்த மாதிரி."

"மத்தியானம் வரைக்கும் நீ மேல. அப்புறம் அவன்" என்றார் மண்டிக்காரர். "போதுமாலே?"

போதும் என்றேன். கடிதத்தைப் பைக்குள் வைத்துவிட்டு லாரியில் ஏறினேன்.