ஐந்தாவது பெட்டிக்குப் போன அட்டைகள்

பசங்களா, உங்க அம்மா ஏன் வளைகுடா வேலைக்குப் போகவில்லை என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் "அமையல" என்று சொல்லி ஒப்பேற்றிவிட்டேன். இப்போது வளர்ந்துவிட்டீர்கள். அதைக் கெடுத்தது நான்தான். எப்படி என்று எழுதிவைக்கிறேன்.

நீங்கள் அப்போது ரொம்பச் சின்னவர்கள். நான் திருவொற்றியூரில் கன்டெய்னர் யார்டில் கணக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா ராயபுரத்தில் ஒரு நர்சிங் ஹோமில் நர்ஸ். வளைகுடாவில் ஓர் ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுக்கிறார்கள், போனில் இங்கிலீஷில் நேர்காணல் என்று ஏஜென்ட் சொன்னார். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும். அம்மாவுக்கு அந்த வயது முடிய நாலு மாசம்தான் மிச்சம். அதை விட்டால் வேறு வாய்ப்பில்லை.

மருந்துப் பேரெல்லாம் அவளுக்கு இங்கிலீஷிலேயே தெரியும். நோயாளி வாயால் சொல்லும் சாதாரணப் பேச்சுதான் புரியவில்லை. பிரவுசிங் சென்டரில் ஒரு பாட்காஸ்ட் கிடைத்தது. நோயாளியும் நர்ஸும் பேசிக்கொள்வது போல் வாராவாரம் வரும். பேச்சை அப்படியே எழுத்தில் போட்டிருப்பார்கள். அதை பிரின்ட் எடுத்துவந்தேன். எங்கள் ஆபீஸில் பி.ஏ. இங்கிலீஷ் படித்த அக்கா ஒருத்தர் ஒவ்வொரு வரிக்கும் கீழே தமிழில் எழுதிக் கொடுத்தார்.

அதிலிருந்து அம்மாவுக்குத் தெரியாத வார்த்தைகளை மட்டும் எடுத்து அட்டை போட்டேன். பழைய கல்யாணப் பத்திரிகையை நாலாக வெட்டி, ஒரு பக்கம் இங்கிலீஷ் வாக்கியத்தை முழுசாக எழுதி, அந்த வார்த்தைக்கு அடியில் கோடு. மறுபக்கம் தமிழ். ஐந்து செருப்புப் பெட்டி வைத்துக்கொண்டோம். முதல் பெட்டியைத் தினமும் பார்க்க வேண்டும். இரண்டாவது ரெண்டு நாளைக்கு ஒருமுறை, மூன்றாவது நாலு நாள், நாலாவது ஒரு வாரம், ஐந்தாவது ரெண்டு வாரம். சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும். தப்பாகச் சொன்னால் எந்தப் பெட்டியில் இருந்தாலும் முதல் பெட்டிக்கே திரும்பும். மறந்துபோகிற சமயத்தில் யோசித்து எடுத்தால்தான் வார்த்தை தங்கும் என்று அந்த பாட்காஸ்டிலேயே ஒருமுறை சொன்னார்கள்.

சாயங்காலம் டீ குடித்துவிட்டு உட்காருவோம். அட்டையைக் காட்டுவதும் பெட்டியில் போடுவதும் என் வேலை. முதல் மாசம் ஒழுங்காகத்தான் செய்தேன். ஒருநாள் டியூட்டி முடிந்து கால் வீங்கி வந்தவள், வரிசையாக ஆறு அட்டைக்குத் தப்பாகச் சொன்னாள். "என் மண்டையில ஒண்ணியும் நிக்கல யா, வுட்டுடலாமா?" என்றாள். என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. விடையை நானே சொன்னேன். அவளும் "ஆமா, அதான்" என்று தலையாட்டினாள். அவளுக்குத் தெரியாமல் ஆறையும் அடுத்த பெட்டியில் போட்டேன்.

அதற்கப்புறம் அது பழக்கமாகிவிட்டது. அட்டை முன்னால் போகப் போக, அடுத்து பார்க்கிற நாள் தள்ளிப்போகும். தினமும் பார்க்க வேண்டிய வார்த்தையை அவள் ரெண்டு வாரம் கழித்துப் பார்த்தாள். அப்போதும் தெரியாது, அப்போதும் நான் சொல்வேன். ஐந்தாவது பெட்டி நிரம்பியது. "இன்னாமே, நீ பாஸாயிட்ட" என்று நான் கிண்டல் பண்ண, அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் செய்தேன் என்று நினைக்கிறேன்.

நேர்காணல் அன்று ஏஜென்ட் ஆபீஸ் வாசலில் நின்றிருந்தேன். பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து, புடவைகூட மாற்றாமல், ஐந்தாவது பெட்டியைக் கொட்டித் தேடி ஓர் அட்டையை எடுத்தாள்.

காலையிலிருந்து புருஷனுக்குப் பேச்சு 'ஸ்லர்' ஆகிறது என்று ஒரு பெண் சொன்னால் நீ என்ன செய்வாய் என்று கேட்டிருக்கிறார்கள். இவள் ஏதோ அசதி என்று நினைத்து, ஓய்வெடுக்கச் சொல்வேன் என்றிருக்கிறாள். பேச்சு குழறுகிறது என்று தமிழில் கேட்டிருந்தால், அந்த நிமிஷமே டாக்டரைக் கூப்பிடுவேன் என்று சொல்லியிருப்பாள். அவள் கையில் இருந்தது அந்த அட்டைதான்.

"இது எனக்கு ஒரு தபா கூட வந்ததில்ல. கடைசிப் பொட்டிக்கு எப்டி வந்துச்சு?"

சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். அவள் அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"நான் போவக் கூடாதுன்னு நெனச்சியா?"

"இல்லமே. நீ வாடிப்போறத பாக்க முடில."

"வாடுனா இன்னா? நாளைக்கு மறுபடியும் படிச்சிருப்பேனே." அட்டையைக் கீழே வைத்தாள். "எனக்கு வரும்னு நீ நம்பல. அதான்."

அப்புறமும் அவள் வழக்கம்போல் உங்களுக்குச் சோறு போட்டாள், டியூட்டிக்குப் போனாள். இங்கிலீஷ் என்ற பேச்சை மட்டும் எடுப்பதில்லை. அந்த நாலு மாசமும் ஓடிப்போனது.

நேர்காணலுக்கு மறுநாள் நான் யார்டுக்கு லீவ் போட்டேன். அவள் வேலைக்கும் நீங்கள் பள்ளிக்கூடத்துக்கும் போனபின் தரையில் உட்கார்ந்து, நான் பொய்யாக முன்னால் தள்ளிய அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தேன். எல்லாம் எனக்கு ஞாபகம் இருந்தது. அத்தனையையும் முதல் பெட்டியில் அடுக்கினேன். பெட்டி நிரம்பி வழிந்து, மூடி மூடவில்லை. சணல் கயிறு எடுத்துக் கட்டி வைத்தேன்.