ஒரு குறை சொல்லுங்க சார்

சேலத்து விதைக் கம்பெனியிலிருந்து வந்த படிவத்தில் கடைசிக் கட்டத்தைப் பார்த்தபோதுதான் பழைய மேலாளரை முன்கூட்டியே தயார்படுத்தும் யோசனை உதித்தது. முந்தைய மேலாளர் பெயர், கைபேசி எண், அவரைக் கூப்பிட வசதியான நாள், நேரம். இண்டர்வியூ முடிந்துவிட்டது. இந்த ஒரு போன் நல்லபடியாகப் போனால் சேலம் ஆபீசில் நாற்காலி, மின்விசிறி, மாதச் சம்பளம். சொதப்பினால் மறுபடி கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்ட் பக்கம் வேலை தேடி அலைய வேண்டியதுதான்.

இப்படிப் போன் வருவது எங்களுக்குப் புதிதில்லை. பழைய கம்பெனியில் நாங்கள் மக்காச்சோள விதை போட்டுக் காட்டிய ஒவ்வொரு வயலின் விவசாயியையும் தலைமை அலுவலகம் போனில் கூப்பிடும். வயலுக்கு ஆள் வந்தாரா, விதை முளைத்ததா என்று விசாரிக்கும். அதற்கு முன்பே நான் விவசாயியைப் பார்த்து, எந்த நாள் வூட்டில் இருப்பார் என்று கேட்டு, என்னென்ன கேட்பார்கள் என்று சொல்லிவிட்டு வருவேன். ஒருமுறை மணலூர்பேட்டைப் பக்கத்து விவசாயி, தலைமை அலுவலகத்திலிருந்து பேசிய அம்மா வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் "எல்லாம் சூப்பருங்க, ஆள் வந்தாரு, கதிர் பெருசுங்க" என்று ஒப்பித்துவிட்டார். மறுவாரம் தணிக்கைக்கு ஜீப் வந்தது. வயல் உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது, அவர்கள்தான் நம்பவில்லை. அன்றிலிருந்து எங்கள் மேலாளர் ஒரு சட்டம் போட்டார்: விவசாயி பாராட்டட்டும், ஆனால் உண்மையிலேயே உள்ள ஒரு குறையையாவது சொல்லட்டும்.

இப்போது விவசாயி இடத்தில் மேலாளரே. அவருடைய வாரம் எனக்கு மனப்பாடம். திங்கள் மீட்டிங், அன்று கடவுள் கூப்பிட்டாலும் கடிப்பார். புதன் கல்வராயன் மலையில் இருப்பார், வெள்ளிமலை தாண்டினால் சிக்னல் கிடையாது. ஆகவே இப்படி எழுதினேன்: சார், சேலம் கம்பெனியில் உங்கள் எண்ணைக் கொடுக்கலாமா? உங்களுக்கு எது வசதி, செவ்வாய் பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்குள்ளா, வியாழன் நாலு மணிக்கு மேலா? பத்து நிமிடம் ஆகும். லேண்ட்லைன் எண்ணாக இருக்கும், லோன்காரன் என்று நினைத்துக் கட் பண்ணிவிடாதீர்கள். நான் சேர்ந்த நாள், விலகிய நாள், என்ன பதவி, ஏன் விலகினேன், மறுபடி எடுப்பீர்களா என்று கேட்பார்கள். சேர்ந்த, விலகிய நாட்களுக்கு ரிலீவிங் லெட்டர் படமும் அனுப்பியிருக்கிறேன்.

உளுந்தூர்பேட்டை ஓட்டலிலிருந்து கூப்பிட்டார். பின்னால் லாரி ஹாரன்.

"இன்னாப்பா, வெவசாயிக்கு ட்ரெய்னிங் குடுக்கற மாதிரி எனக்கே குடுக்கற?"

"நீங்க கத்துக்குடுத்ததுதான் சார்."

"செவ்வா குடு. ஆனா ஒரு கொறை சொல்லுவேன், தெரியும் இல்ல?"

எதைச் சொல்வார் என்று கேட்டேன். சாப்பிட்டுக்கினு இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு நான் என் குறைகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். கோபம் வந்தால் முகத்தில் தெரியும். டீலர் கடையில் டீ குடித்தபடி நேரம் போக்குவேன். ஒருமுறை மேலாளரின் பைக்கை ஓட்டிப் போய் இண்டிகேட்டரை உடைத்தேன், அதை அவர் சொல்லமாட்டார் என்று நம்பினேன். பன்னிரண்டரைக்கு அவரிடமிருந்து ஒரே வரி வந்தது: பேசிட்டேன், நல்ல பொண்ணு, பொறுமையா கேட்டுச்சு. அதற்குமேல் எத்தனை கேள்வி அனுப்பியும் பதில் கட்டைவிரல் படம் மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை சேலத்திலிருந்து அந்தப் பெண்ணே கூப்பிட்டார். நாட்களும் பதவியும் சரியாக இருக்கின்றன, மறுபடி எடுப்பீர்களா என்றதற்கு உங்கள் மேலாளர் யோசிக்காமல் எடுப்பேன் என்றார் என்று சொன்னார். நான் மூச்சு விட்டேன். பிறகு, "ஒண்ணு மட்டும் சொன்னாரு. ஆபீஸ்ல ஒக்காரச் சொன்னா நீங்க அரை மணி நேரம் தாங்கமாட்டீங்களாம், உங்க சனிக்கிழம ரிப்போர்ட் திங்கக்கிழமதான் வருமாம்" என்றார். அதனால் சேலம் ஆபீசுக்கு வேறு ஆளைப் பார்க்கிறார்களாம். மலைப்பகுதிக்கு ஃபீல்டு ஆள் வேண்டும், சம்பளம் அதேதான், போகிறீர்களா?

உடனே மேலாளரைக் கூப்பிட்டுப் பொருமினேன். நாற்காலி போச்சு சார் என்றேன்.

"இல்லாத கொறையவா சொன்னேன்? நாற்காலியில ஒக்காந்து நீ இன்னா பண்ணியிருப்ப, சொல்லு பாப்பம்."

அப்போதும் நான் அறைக்குள் நடந்துகொண்டுதான் இருந்தேன். சரி என்று சேலத்துக்குச் சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரம் மலையேறுகிறேன். அங்கே மரவள்ளியையும் சாமையையும் விட்டு யாரும் மக்காச்சோளத்துக்கு இடம் தரமாட்டார்கள் என்கிறார்கள். மழைக்கு முன் சரிவில் கால் ஏக்கராவது கேட்டு, மூன்று ரகத்தைப் பக்கத்தில் பக்கத்தில் விதைத்துப் பார்க்கப் போகிறேன். முதல் ஆள் முடியாது என்றால், மேட்டில் அடுத்த வூடு.