பதினெட்டு ரூபாய் விலைக்காகக் காத்திருந்தவர்

ராயபுரத்தில் கெங்கம்மாவின் ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்த நீலமேகம், துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அவசரம் என்ற வார்த்தையே அவர் அகராதியில் கிடையாது. மூட்டையைத் தூக்கினால் ஒரு மணி நெல் சிந்தாது. சின்னத் துரையே வந்து கத்தினாலும், கயிறு இறுகியிருக்கிறதா என்று இரண்டு தரம் பார்க்காமல் பிடியில் கை வைக்க மாட்டார். அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரே மத்தியானத்தில் தன் வாழ்நாள் சேமிப்பை ஒரு சுரங்கத்தில் கொண்டுபோய்க் கொட்டினார் என்றால் யார் நம்புவார்கள்?

கெங்கம்மா அந்த வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய்விடப் பார்த்தாள். "மூணாம் மனுசங்களுக்குத் தர்றதவுட ஒனக்கே தர்றேன் நைனா, துட்டு சேத்துக்கினு வா" என்று சொல்லியிருந்தாள். நீலமேகத்துக்கும் அவர் மனைவி மங்கைக்கும் வேறு ஆசையே இல்லை. சொந்தக் கிணறு, முருங்கை மரம், ஓடு மாற்றச் சொல்லி யாரிடமும் கெஞ்ச வேண்டாத கூரை. வீட்டு விலையில் முக்கால் பங்கு சேர்ந்தும்விட்டது.

அந்தச் சமயத்தில்தான் யுத்தம் முடிந்து பட்டணமெங்கும் புதுக் கம்பெனிகள் முளைத்தன. நெல்லூர்ப் பக்கம் காக்காப்பொன் தோண்டும் கம்பெனி ஒன்று. தகடு தகடாக உரியும் அந்தக் கல்லை மின்சார யந்திரங்களுக்காகச் சீமையில் வாங்குகிறார்கள். கம்பெனிப் பங்கு ஒன்று பத்து ரூபாய்க்கு வந்தது. அப்போது நீலமேகம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பன்னிரண்டானபோது சிரித்தார். பதினைந்தானபோது கிடங்கில் நாலு பேர் வாங்கியிருந்தார்கள். இவருக்குத் தூக்கம் கெட்டது. பதினெட்டில் துறைமுகமே வாங்கியது. மேஸ்திரி வாங்கினார், விஞ்சு யந்திரம் இழுக்கிறவன் வாங்கினான், டீ விற்கிறவன்கூட இரண்டு பங்கு வைத்திருந்தான். கம்பெனிக்கு வருமானம் எவ்வளவு என்று ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்தில் இருப்பவன் கேட்டிருப்பான் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள்.

"இன்னா மாமு, நீ மட்டும் கரையில குந்திகினு கீறே?" என்று பக்கத்துக் கிரேன் லூர்து ஒருநாள் கேட்டான். அன்று மத்தியானமே இருவரும் ஜார்ஜ் டவுனுக்குப் போய், தரகர் கிருஷ்ணப்பனிடம் பதினெட்டு ரூபாய் விலையில் வாங்கினார்கள். தபால் ஆபீஸ் கேஷ் சர்டிபிகேட்டில் போட்டிருந்த கொஞ்சம் தவிர மீதியெல்லாம் நீலமேகம் அதில் போட்டார். ஒரே வருஷத்தில் வீட்டு விலை முழுசாகக் கைக்கு வந்துவிடும் என்பது கணக்கு. திரும்பும்போது இருவரும் பக்கோடா வாங்கித் தின்றார்கள்.

அடுத்த மழைக்காலத்துக்குள் விலை பன்னிரண்டுக்கு இறங்கியது. அதே வாரம் லூர்துவின் மனைவி காய்ச்சல் முற்றிப் படுத்த படுக்கையானாள். வைத்தியத்துக்குப் பணம் வேண்டி, லூர்து அத்தனை பங்கையும் நஷ்டத்துக்கு விற்றான். துறைமுகமே அவனைப் பார்த்துச் சிரித்தது. "பொறுமை இல்லாத பய, கையில இருந்த பொன்ன வுட்டுட்டான்" என்றார் மேஸ்திரி. நீலமேகமும் சிரித்தார். அவர்களுக்கெல்லாம் ஒரு பலமான ஆதாரம் இருந்தது. துறைமுகக் கிடங்கில் அந்தக் கம்பெனியின் காக்காப்பொன் பெட்டிகள் மாதாமாதம் பெருகி, கூரை வரை அடுக்கிக் கிடந்தன.

"சரக்கு பாத்தியா? கெடங்குல எடமே இல்ல. இவ்ளோ சரக்கு வர்ற கம்பேனி முழுகிடுமா?" என்று மங்கையிடம் அவர் பெருமையாகச் சொன்னார். வாழ்க்கை முழுக்கச் சரக்கைத் தூக்கிய மனிதருக்குச் சரக்கு நிறைந்திருப்பதே செழிப்பு. வாங்க ஆளில்லாததால்தான் அவை கப்பலேறாமல் கிடந்தன. தினம் கண்ணால் பார்த்தும் அது அவருக்கு உறைக்கவில்லை.

விலை ஒன்பதுக்கு வந்தபோது கெங்கம்மா முன்பணம் கேட்டாள். எதை விற்பது? சர்டிபிகேட் வட்டியோடு வளர்ந்துகொண்டிருந்தது, பங்கு தேய்ந்துகொண்டிருந்தது. நீலமேகம் சர்டிபிகேட்டை உடைத்தார். "அது லாபத்துல கீது, வித்தா மனசு நோவாது. இத்த இப்ப வித்தா நஷ்டம் நஷ்டந்தான். பதினெட்டு வரட்டும், மறுநாளே வித்துடறேன்" என்றார். பதினெட்டு என்பது அவர் கொடுத்த விலை. அவர் என்ன கொடுத்தார் என்பது சீமையில் காக்காப்பொன் வாங்குகிறவனுக்குத் தெரியாது, தெரிந்தாலும் அவனுக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

தை பிறப்பதற்குள் மீதிப் பணம் தராவிட்டால் வேறு ஆளுக்கு விற்றுவிடுவதாகக் கெங்கம்மா கறாராகச் சொன்னாள். பங்கு ஏழில் இருந்தது. விற்று, கூட்டுறவுச் சொசைட்டியில் கடனும் வாங்கினால் வீடு கைக்கு வந்துவிடும். சோறு போட்டுக்கொண்டே மங்கை கேட்டாள்: "இந்த ஏழு ரூபா துட்டா கையில இருந்தா, இன்னிக்கி அந்தக் கம்பேனியில போயி போடுவியா?"

"போடறதா? பைத்தியக்காரன்கூடப் போடமாட்டான்."

"அப்ப ஏன்யா அதுலயே வச்சிகினு கீறே?"

நீலமேகம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மறுநாள் கிருஷ்ணப்பன் கடை வரைக்கும் போனார். பங்குக் காகிதத்தை மேஜைமேல் வைத்தும்விட்டார்.

"ஏழுக்கு ஆள் இருக்கு, முடிச்சுடட்டுமா?" என்று தரகர் கேட்டார்.

"நம்ம ஹார்பர் ஆளுங்க யாராச்சும் வித்தாங்களா?"

"லூர்து தவிர ஒருத்தரும் விக்கல."

நீலமேகம் காகிதத்தை எடுத்து மடித்துக்கொண்டார். வைத்திருக்கும்வரை அது வெறும் விலைச்சரிவு; விற்றால் பதினைந்து வருஷ உழைப்பு போனது நிஜமாகிவிடும். அந்த நிஜத்தைத் தன் வாயால் சொல்ல அவருக்குத் தெம்பில்லை. அத்தனை பேரும் பிடித்துக்கொண்டிருக்கும்போது தான் மட்டும் முட்டாளாவானேன் என்ற எண்ணம் வேறு.

தை பிறந்தது. வீட்டை வாங்கியவன் லூர்து. மனைவி பிழைத்து எழுந்த பிறகு, வைத்தியச் செலவு போக மிஞ்சியதோடு ரங்கூனிலிருந்து மச்சான் அனுப்பியதையும் சேர்த்து அவன் வாங்கினான். கெங்கம்மா முன்பணத்தைத் திருப்பித் தந்தாள். மங்கையின் பிரசவத்தில் அது கரைந்தது. அந்தக் கோடையில் கம்பெனியும் இழுத்து மூடப்பட்டது. பங்குக் காகிதத்தைப் பழைய பேப்பர்க்காரன்கூடத் தனியாக விலை பேசவில்லை.

நீலமேகம் அதே வீட்டில் லூர்துவுக்கு வாடகைக்காரர் ஆனார். முதல் மாத வாடகையை வாங்க லூர்துவுக்குக் கூசியது. வாசலில் நின்றபடி தலையைச் சொறிந்தான். நீலமேகம் பணத்தை அவன் கையில் திணித்துவிட்டு, வெகுநாளாக மனசை அரித்ததைக் கேட்டார்.

"அன்னிக்கி பன்னண்டுக்கு வித்தியே, எப்பிடிரா மனசு வந்துச்சு ஒனக்கு?"

"மனசு எங்க மாமு வந்துச்சு? அழுதுகினேதான் வித்தேன். அவளுக்கு மட்டும் காய்ச்சல் வர்லேன்னா நானும் இன்னிக்கி ஒன்னாட்டந்தான் காகிதத்தப் பாத்துகினு குந்தினு இருப்பேன்."

ஆக, அவனுக்கும் புத்தி இல்லை. அவன் வீட்டில் காய்ச்சல் வந்தது, தன் வீட்டில் வரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். லூர்து தெரு முனை திரும்பும்வரை நீலமேகம் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த மழைக்காலத்தில் மங்கையும் காய்ச்சலில் படுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவர் மனசு நினைத்தது. நினைத்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

உள்ளேயிருந்து மங்கை, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, "இன்னாய்யா, மூஞ்சி வெளுத்துப் போச்சு? உடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.