நுனி இலை உங்களுக்கு, ஏடு மெஸ்ஸுக்கு

“இனிமே உன் தோப்பு இலை எனக்கு மட்டுந்தான், ஞானமணி. வேற யாருக்கும் ஒரு ஏடுகூடப் போகக்கூடாது. விலையைக் கூட்டியே தாரேன்.”

காரைக்குடியில் கல்யாணச் சமையல் கான்ட்ராக்ட் எடுக்கும் குமரப்பன், சாக்கோட்டையில் ஞானமணியின் குத்தகை வாழைத்தோப்புக்கே வந்து இப்படிக் கேட்டது தொண்ணூற்று நாலில். அந்த வைகாசி முகூர்த்தத்தில் இலை பத்தாமல் கடைசிப் பந்திக்குத் தையல் இலை போட்டிருந்தார். பெண் வீட்டார் பேசிய பேச்சு இன்னும் அவர் முகத்தில் இருந்தது.

“ஆடியில கல்யாணம் இல்லையேண்ணே. அப்ப இலைய என்ன செய்ய?”

“மரத்துலயே கெடக்கட்டும்.”

“ஆடிக்காத்து நாராக் கிழிச்சுரும். அதையும் நறுக்கி ஏடா எடுத்துக்கிறது சாலமன் மெஸ்ஸுதான். எங்க வீட்டுக்காரர் எறந்தப்ப நான் வெளிய தலைகாட்டல. மெஸ்ஸுக்காரர் சாலமனேதான் சைக்கிள்ல வந்து இலைய அறுத்துக்கிட்டுப் போனாரு. இப்ப அவருகிட்ட எப்படி இலை இல்லைன்னு சொல்றது?”

“ஆடியும் மார்கழியும் பாத்துப் பத்து மாச யாவாரத்த விடுறியே.”

தோப்பு இலையில் பாதிக்குமேல் குமரப்பனுக்குத்தான் போனது. அவர் வேறு தோப்பைப் பார்த்துப் போனால் அடுத்த குத்தகையே கட்ட முடியாது. ஆனாலும் ஞானமணி குரலைத் தாழ்த்தாமல் சொன்னாள்.

“முழுசும் தர முடியாதுண்ணே. ஆனா பந்திக்கு வேண்டியது நுனி இலைதான, மெஸ்ஸுக்கு நுனியில்லாத துண்டு ஏடு போதும். கல்யாணம் முடிவானதுமே எனக்குச் சொல்லிருங்க. நீங்க போதும்னு சொல்ற வரைக்கும் அந்த முகூர்த்தத்து நுனி இலை வேற யாருக்கும் அறுக்க மாட்டேன். கொறையும்னா முன்கூட்டியே சொல்லிருவேன்.”

“இந்த வாயை என் சமையக்காரனுக்குக் குடு. பேரம் பேசியே சம்பளத்த ஏத்திக்கிருவான்,” என்று சொல்லிவிட்டு, சரி என்றும் சொல்லாமல் வேண்டாம் என்றும் சொல்லாமல் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஆடி முழுக்க அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. ஆவணி பிறந்ததும் அவருடைய ஆள் மருது வேனோடு வந்து நின்றான்.

“நுனி இலையெல்லாம் நமக்காம்ல? மொதலாளி சொல்லிவிட்டாக.”

அவள் யாருக்கும் தெரியாமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அரிவாளை எடுத்தாள்.

கார்த்திகையில் ஒரு புயல்மழை தோப்பைப் பாதி சாய்த்தது. மறுநாள் காலையிலேயே டெலிபோன் பூத்துக்குப் போய்க் குமரப்பனிடம் உள்ளதைச் சொன்னாள். ஒக்கூர்த் தோப்புகளில் அலைந்து குறைந்ததைச் சேர்த்தும் கொடுத்தாள். அவர் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. “முன்னாடியே சொன்ன பாரு, அதான் எனக்கு வேணும்,” என்றார். வேறு தோப்பைத் தேடியும் போகவில்லை. அந்த வருடம் தோப்பு தப்பியது அவரால்தான் என்று ஞானமணி இன்றைக்கும் சொல்வாள். சாலமன் பெயரையும் சேர்த்தே சொல்வாள்.

பிறகொரு தை மாதம், குமரப்பனுக்குப் போட்டியாகத் தொழில் செய்த அழகுசுந்தரத்தின் இலைக்கட்டுகள் லாரியிலேயே சூட்டில் வெந்துபோயின. மறுநாள் அந்த ஆள் ஒரு கல்யாணத்துக்குப் பந்தி போட வேண்டும். அன்று மாலை குமரப்பனே தோப்புக்கு வந்தார்.

“நாளைக்கு எனக்குச் சின்னக் கல்யாணந்தான், ஞானமணி. எனக்கு வச்சிருக்கிற நுனி இலையில பாதிய அவனுக்குக் குடுத்துரு. நான் குடுக்கச் சொன்னேன்னு மட்டும் சொல்லிராத.”