வெயிலுக்கும் மழைக்கும் நடுவில்

மலைச் சாலையில் பேருந்து ஓட்டுகிறவர்களில் அவரைப் போல் மெதுவாக ஓட்டுகிறவர் கிடையாது. பயணிகள் அவருக்கு வைத்த பெயர் ஆமை. கண்டக்டருக்கு விசில் என்று பெயர். வாயில் விசில் இல்லாதபோதும் ஏதாவது ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருப்பான். "எங்க ஆமையண்ணன் வண்டியில ஏறினா இறங்குறதுக்குள்ள புள்ள வளர்ந்துடும்" என்று அவன் கிண்டல் செய்ய, பேருந்தே சிரிக்கும். ஆமையும் சிரிப்பார்.

அந்த வண்டிதான் பருவமழை தொடங்கிய வாரத்தில், கடைசி வளைவில் சறுக்கிப் பள்ளத்தில் சாய்ந்தது. பயணிகளுக்குக் கை கால் முறிந்ததோடு போயிற்று. சன்னல் படுதாக்களை இறக்கிவிடப் படிக்கட்டுப் பக்கம் போயிருந்த விசில் மட்டும் வெளியே வீசப்பட்டு இறந்துபோனான்.

நிர்வாகம் விசாரணை வைத்தது. கனமழையில் வண்டியை ஓரமாக நிறுத்தாமல் ஓட்டியது குற்றம் என்றார்கள். ஆமை சொன்ன பதில் ஒன்றே ஒன்றுதான். "பளிச்சுனு வெயில் அடிச்சிட்டு இருந்துச்சு சார். கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள கொட்டிடுச்சு. நிறுத்த நேரமே இல்ல." எழுதிக்கொண்டவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அவருடைய மகள் ஒரு விளம்பரக் கம்பெனியில் வேலை பார்த்தாள். காட்சியை வார்த்தையில் எழுதிக் கொடுத்தால் கணினியே அதை வீடியோவாக ஆக்கித் தரும்; அந்த வார்த்தைகளை எழுதுவதுதான் அவள் வேலை. அப்பா சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் சொன்னாள்.

"அப்பா, நீங்க சொல்றதைப் படமாவே காட்டிடலாம். சாட்சியா எடுத்துக்க மாட்டாங்க. ஆனா நீங்க எப்படி மாட்டிக்கிட்டீங்கன்னு ஒரு தடவை கண்ணால பார்த்தா மனசு இளகாதா?"

ஞாயிற்றுக்கிழமை கம்பெனியில் ஆள் இல்லை. நாற்காலிகளையெல்லாம் மேசைக்கடியில் தள்ளிவிட்டிருந்தார்கள். முதலாளியிடம் கேட்டுச் சாவி வாங்கி வந்திருந்தாள். அப்பாவைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எழுதினாள்: பேருந்து ஓட்டுநர் இருக்கையிலிருந்து தெரியும் மலைச் சாலை, தெளிந்த வானம், கனமழையாக மாறுகிறது.

வந்த படத்தில் முதல் நொடியிலிருந்தே மழை பெய்தது. மேலே வானம் நீலமாக, தரையில் மரநிழல் கூர்மையாக.

"காக்காவுக்கும் நரிக்கும் கல்யாணம் மாதிரி இருக்கு" என்றாள் மகள். அவர் சிரிக்கவில்லை.

அடுத்து 'திடீரென்று' என்று சேர்த்தாள். இப்போது படம் பாதியில் வெட்டுப்பட்டது. வெயில் சாலை ஒன்று, சட்டென்று மழைச் சாலை ஒன்று. வளைவுகூட வேறாக இருந்தது.

"இதான்! இப்படித்தாம்மா இருந்துச்சு."

"இல்லப்பா, இது ரெண்டு படத்தை ஒட்டின மாதிரி இருக்கு. பார்க்குறவங்க நம்ப மாட்டாங்க. வெட்டே இல்லாம ஒரே ஓட்டமா வரணும். அதுக்கு நடுவுல என்னென்ன மாறுச்சுன்னு வரிசையா சொல்லணும். எது முதல்ல, எது அப்புறம்னு சொல்லாட்டி இதுக்கு ஒண்ணும் புரியாது. வெயிலையும் மழையையும் மட்டும் குடுத்தா, ஒண்ணா கலந்துடுது, இல்ல வெட்டிடுது. முதல்ல என்ன மாறுச்சு?"

"ஒண்ணும் மாறல. கொட்டிடுச்சு."

"யோசிச்சுப் பாருங்கப்பா. மேகம் வராம மழை எப்படி வரும்?"

அவர் திரையைப் பார்த்தபடி இருந்தார். பிறகு, பழைய வழியை நினைவுபடுத்திச் சொல்கிறவர் போல் மெல்லச் சொன்னார். "வலது பக்கம் பாறையில வண்டியோட நிழல் கூடவே ஓடி வந்துட்டு இருக்கும். அது மங்கிப்போச்சு. அப்புறம் காணவே காணோம்."

"நல்லது. அப்புறம்?"

"மலைக்குப் பின்னாலேர்ந்து மேகம். காத்து திரும்புச்சு. இலையெல்லாம் வெளுத்த பக்கத்தைக் காட்டுச்சு. ரோட்டுல புழுதி சுழண்டுச்சு. ஒரு வீட்டு வாசல்ல ஒரு பொம்பள ஓடி வந்து துணியை அள்ளிக்கிட்டு இருந்தா."

அவள் விரல்கள் ஓடின. "தூறல்?"

"கண்ணாடியில ஒண்ணு ரெண்டா, பெரிய பெரிய சொட்டு. ரோட்டுல காசு காசா கறுப்பா விழுந்துச்சு. அது ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து ரோடே கறுத்துடுச்சு. வைப்பரைப் போட்டேன். அப்புறம்தான் எதிர்ல இருந்த மரம் மறைஞ்சது."

எல்லாவற்றையும் அதே வரிசையில் எழுதினாள். வெட்டு இல்லாத ஒரே காட்சி, அதே சாலை, அதே இருக்கை. முதலில் நிழல் மறைகிறது, பிறகு வெளிச்சம் சாம்பலாகிறது, காற்று, புழுதி, சொட்டு. நனைந்த இடம் கடைசிவரை நனைந்தே இருக்கிறது. மழை கனக்கக் கனக்கத் தூரத்து மரங்கள் மறைகின்றன. பத்து நொடிக்குமேல் அந்தக் கணினி தராது. அதனால் பொம்பளையையும் துணியையும் விட்டுவிட்டாள். அடுத்தடுத்துச் சில தடவை பிசகியது. ஒரு முறை நனைந்த சாலை நடுவில் காய்ந்துவிட்டது. இன்னொரு முறை வைப்பர் மூன்றானது. கடைசியில் வந்தது.

பளீரென்ற சாலை, கண்ணெதிரே ஒரே இழுப்பில் இருண்டு, நனைந்து, வெள்ளைத் திரைக்குள் போய் முடிந்தது. மகள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்பா! வந்துடுச்சு!"

திரும்பிப் பார்த்தாள். அவர் முகம் வெளிறிக் கிடந்தது.

"இது பத்து நொடியில போவுது" என்றார். "அன்னைக்கு இவ்வளவு வேகமா போகலம்மா. நிழல் போனப்புறம் நாங்க ஒரு ஸ்டாப்பைத் தாண்டினோம். ஆளை இறக்கினோம், ஏத்தினோம்."

அவள் படத்தை நிறுத்தினாள்.

"சொட்டு விழ ஆரம்பிச்சதும் விசில் கேட்டான். 'அண்ணே, ஓரங்கட்டிடலாமா? படுதாவை இறக்கிட்டுப் போவோம்'னு. இன்னும் ஒரே வளைவு, அதுக்கப்புறம் சமதரை. 'ஓடுற வண்டியிலயே இறக்குடா'ன்னேன். எல்லாரும் ஆமை ஆமைங்குறாங்க, இன்னைக்காவது நேரத்துக்குப் போவோம்னு நெனைச்சேன்."

சத்தியமாக அவர் பொய் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. வெயிலும் மழையும் மட்டுமே அவர் நினைவில் நின்றிருந்தன. நடுவில் இருந்ததெல்லாம் எங்கோ போய் ஒளிந்திருந்தது. மகள் கேட்டுக் கேட்டு அதை வெளியே இழுத்துவிட்டாள். இனி அதை உள்ளே தள்ள வழியில்லை.

"அப்பா, இதைக் காட்ட வேண்டாம்."

"அந்த ரெண்டாவதைக் காட்டு. வெட்டுப்பட்டதை."

அடுத்த விசாரணையன்று, அந்த அறையில் செல்போனில் அதைத்தான் காட்டினாள். அதிகாரி செல்போனை வாங்கி இரண்டு தடவை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கெட்டவர் இல்லை, காட்டுகிறவள் மகள் என்று தெரிந்ததும் உட்காரச் சொல்லியிருந்தார்.

"நல்லா பண்ணியிருக்கேம்மா. ஆனா வெயிலைக் காட்டுறே, உடனே மழையைக் காட்டுறே. நடுவுல என்ன நடந்துச்சு?" கேள்வி மகளிடம் இல்லை, அவர் ஆமையைத்தான் பார்த்தார்.

மகளுடைய கட்டைவிரல் வெட்டில்லாத அந்த இன்னொரு படத்தின்மேல் நின்றது; ஆமை அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அதிகாரி சற்று நேரம் காத்திருந்துவிட்டு எழுத ஆரம்பித்தார்.

வேலை போயிற்று. அது அவர் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, வெளியே வராண்டாவில் விசிலின் மனைவி நின்றது. நிர்வாகத்தில் அவளுக்கு ஏதோ வேலை தருவதாகச் சொல்லி வரச் சொல்லியிருந்தார்களாம்; இன்று போய் நாளை வா என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"அண்ணே, உங்களை விட்டுட்டாங்களா?" என்றாள்.

இல்லை என்று தலையாட்டினார்.

"உங்க மேல என்னண்ணே தப்பு. மழை கொட்டினா யாரு என்ன பண்ண முடியும்?" அவர் கையைத் தொட்டுச் சொல்லிவிட்டு அவள் அழுதாள்.

அவர் கையை விடுவித்துக்கொண்டு படியிறங்கினார். மகள் பின்னால் போனாள். வெளியே வெயில் நன்றாக அடித்தது. இருவரும் வீடுவரை நடந்தார்கள். அதற்குப் பிறகு அவர் எந்தப் பேருந்திலும் ஏறவில்லை. தூரமென்றாலும் நடந்தே போனார். யார் கேட்டாலும், ஆமைக்கு என்ன அவசரம் என்று அவரே சொல்லிக்கொள்வார். சிரிக்க மட்டும் மாட்டார்.