ஒரு தாளில் அடங்க வேண்டியது

எங்கள் டாக்டர் பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். அவருடைய பிபிடியைத் திறந்தால்தான் எனக்கு எரிச்சல் வரும். கருநீலப் பின்னணி, வெள்ளை எழுத்து, ஒரு ஸ்லைடுக்கு நாலு வார்த்தை. மிச்சத்தையெல்லாம் வாயால் சொல்லிவிடுவார். கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் உணவு ஆலோசகராக இருக்கும் என் தலையில், அந்த பிபிடியிலிருந்து ஒரு கைத்தாள் தயாரிக்கும் வேலை விழுந்தது. சிதம்பரத்தில் டயாலிசிஸ் நோயாளிகளின் குடும்பங்களுக்கு ஒரு கூட்டம். போகும்போது ஆளுக்கொரு தாள் கையில் கொடுத்தனுப்ப வேண்டும்.

"இதுல என்னம்மா யோசன? பக்கத்துக்கு ஆறு ஸ்லைடா போட்டு அடிச்சிக் குடுத்துடு" என்றார் மேனேஜர்.

அப்படியும் ஒன்று எடுத்துப் பார்த்தேன். கருநீலமெல்லாம் கறுப்பாகி, ஜெராக்ஸ் போட்டதும் மைபூசிய தட்டு மாதிரி வந்தது. எழுத்தெல்லாம் எறும்பு சைஸ். 'பொட்டாசியம்: கட்டுப்பாடு', 'திரவம்: அளவு' என்று வெட்டி வெட்டி நிற்கிற வார்த்தைகளை வைத்துக்கொண்டு அடுப்படியில் நிற்கிறவள் என்ன செய்வாள்? டாக்டர் கூடவே வந்து விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பாரா? ஒரே தாள், இரண்டு பக்கம், சுவரில் ஒட்டிவைத்தால் சமைத்துக்கொண்டே படிக்கிற அளவுக்கு எழுத்து என்று நானே முடிவு செய்துகொண்டேன். அப்படியென்றால் பிபிடியில் இருப்பதில் முக்கால்வாசி வெளியே போக வேண்டும்.

அடுத்தவர் வீட்டுக்காக வெட்டுவது சுலபம். என் வீட்டிலேயே ஒரு டயாலிசிஸ் நோயாளி இருக்கிறார், என் அண்ணன். கடலூர் முதுநகரில் அண்ணன், அண்ணி, நான் மூன்று பேரும் ஒரே வீடு. வாரத்தில் பாதி நாள் மிஷினுக்கு, மீதி நாள் மிஷினில் போட்டு எடுத்த களைப்புக்கு. ஒரு கல்யாணத்துக்குப் போக முடியாது, ஒரு இளநீர் குடிக்க முடியாது. தண்ணீரைக்கூட அளந்து குடிக்கிற மனிதரின் எதிரில் நாங்கள் மடக்மடக்கென்று குடிக்கக் கூச்சப்பட்டு, கொல்லைப்பக்கம் போய்க் குடித்துவிட்டு வருவோம். அவரைக் கட்டிப்போட்ட கயிறு எங்களையும் சேர்த்துத்தான் கட்டியிருந்தது.

நான் லேப்டாப்பை எடுத்து உட்கார்ந்தால் அண்ணனும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். உணவு ஸ்லைடுகளை எல்லாம் தள்ளச் சொல்வார். கடைசியில் மாற்றுச் சிறுநீரகம் பற்றி ஒரே ஒரு ஸ்லைடு இருக்கும். அதில் நிறுத்தச் சொல்வார்.

"இதப் போடுறல்ல?"

"பாக்கலாம்ணா, எடம் இருந்தா."

இடம் மட்டும் காரணமில்லை. சில நாளுக்கு முன்னால்தான் டாக்டர் என்னையும் அண்ணியையும் அழைத்து, அண்ணனின் இதயம் அந்த ஆபரேஷனைத் தாங்காது என்று சொல்லியிருந்தார். "அவருகிட்ட நானே பக்குவமா சொல்றேன், அடுத்த தடவ செக்கப்புக்கு வரட்டும்" என்றார். அந்த அடுத்த தடவை வருகிறவரை நாங்கள் இரண்டு பேரும் அண்ணனின் முகத்தைப் பார்க்காமல் சோறு போட்டுக்கொண்டிருந்தோம்.

கைத்தாள் எழுதினால் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு வார்த்தையும் விளக்காமல் ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் என்ன செய்கிறார் என்று பார்ப்பேன். இந்த முறை அண்ணியிடம் கொடுத்தேன். மறுநாள் வேலை முடிந்து வந்தால், அடுப்படி மேடையில் ஒரு புது உப்புப் பாக்கெட். சோடியம் குறைந்த உப்பு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அண்ணி கத்திரியை எடுத்து முனையை வெட்டப் போனார்கள்.

"அண்ணி, அத வெட்டாதீங்க!" என்று நான் கத்திய கத்தலில் அண்ணி கத்திரியைக் கீழே போட்டுவிட்டார்கள்.

"ஏன் இப்பிடிக் கத்துற? நீதான எழுதியிருக்க, சோடியத்தக் கொறைங்கன்னு? வெல ஜாஸ்தின்னாலும் பரவால்லன்னு தேடி வாங்கியாந்தேன்."

அந்த மாதிரி உப்பில் சோடியத்தைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியத்தைச் சேர்த்திருப்பார்கள். நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். அண்ணனுடையது வெளியேற்றாது. ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே நின்றுபோகலாம். இதை டாக்டர் ஒவ்வொரு கூட்டத்திலும் தவறாமல் சொல்வார், வாயால். எந்த ஸ்லைடிலும் கிடையாது. ஸ்லைடில் இருப்பதில் எதை வெட்டலாம் என்றே பார்த்துக்கொண்டிருந்த நான், ஸ்லைடிலேயே இல்லாத ஒன்றை எங்கே தேடியிருப்பேன்? அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் தாளைத் திரும்ப ஆரம்பத்திலிருந்து எழுதினேன். முன்பக்கத்தின் தலையில் கட்டம் போட்டு உப்பு விஷயம். 'சமையலுக்குச் சாதா உப்பையே அளவைக் குறைத்துப் போடுங்கள். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதை வாங்காதீர்கள்.' அதன் கீழே, பொட்டாசியம் குறைய, காய்களைத் தோல் சீவி, சின்னதாக நறுக்கி, வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வேறு தண்ணீரில் வேகவைத்து வடிப்பது. பின்பக்கத்தில் எந்த அறிகுறி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடி வர வேண்டும் என்பது. சிறுநீரகத்தின் குறுக்குவெட்டுப் படம் போயிற்று. டாக்டரின் போட்டோ போயிற்று. அதற்கு மேனேஜர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாற்றுச் சிறுநீரக ஸ்லைடும் போயிற்று.

அச்சடிக்கக் கொடுத்தது சிதம்பரத்தில், கூட்டம் நடக்கிற மண்டபத்துக்குப் பக்கத்து டிடிபி கடையில். அன்று அண்ணனுக்கு மிஷின் இல்லாத நாள். "நானும் வர்றேன், பஸ்ஸுல போயி எவ்ளோ நாளாச்சு" என்று கிளம்பிவிட்டார். வேண்டாமென்று எந்த வாயால் சொல்வது? ஜன்னலோரத்தில் உட்கார்ந்து வழிநெடுக வயலைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கடைக்காரர் மாதிரிக்கு ஒரு தாள் எடுத்து நீட்டினார். நான் வாங்குவதற்குள் அண்ணன் வாங்கிக்கொண்டார். முன்பக்கம் படித்தார். திருப்பிப் பின்பக்கம் படித்தார். மறுபடியும் முன்பக்கம் திருப்பினார்.

"அதப் போடலியா?"

"எடம் பத்தலண்ணா."

பின்பக்கத்தின் அடியில் வெறுமையாகக் கிடந்த இடத்தில் விரலை வைத்தார். "இங்க இருக்கே."

இருந்தது. நாலு வரி தாராளமாகப் பிடிக்கும். அது என் கண்ணில் படவே இல்லை என்று சொன்னால் நானே நம்பமாட்டேன். ஊர் முழுக்கப் போகிற தாளை நான் ஒரே ஒரு ஆளிடம் ஒன்றை மறைப்பதற்காக எழுதியிருக்கிறேன். அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கடையின் ஃபேனைப் பார்த்தேன்.

"எனக்கில்லன்னா போவுது. இங்க வர்றவங்கள்ல யாருக்காவது ஆவும்ல? அவுங்களுக்குப் போடு" என்றார்.

"மேடம், என்ன சேக்கணும்?" என்று கடைக்காரர் கேட்டார். அண்ணனே நிதானமாகச் சொன்னார்.

"மாற்றுச் சிறுநீரகம் பொருத்த முடியுமான்னு ஒங்க டாக்டரக் கேளுங்க. அவ்ளோதான், அடிங்க."

கடைக்காரர் அடித்து முடிக்கிறவரை திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"எல்லாருக்கும் முடியாதுன்னு கீழ போடணுமா?"

"வேணாண்ணா" என்றேன். "அதயெல்லாம் பேப்பர்ல போடக் கூடாது. பக்கத்துல உக்காந்து வாயாலதான் சொல்லணும்."

அண்ணன் தாளை மேசைமேல் வைத்தார். ஒரு ஸ்டூலை இழுத்து எனக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தார்.

"சரி, சொல்லு."